கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஒரு கணக்கு

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு கம்பெனி வேலை. ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று மூன்று திசையிலும் ஷிஃப்ட் பஸ் போகும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கு இயற்பியல் கணக்கு போட வருவார்கள். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருடம் என்பதால் அவர்களுக்கு நான் வாத்தியார் மாதிரி. (எனக்கு யார் வாத்தியார் என்று அவர்கள் கேட்பதில்லை, நல்ல வேளை.)

போன மாதம் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் பழைய நீட் வினாத்தாளோடு வந்தாள். "அண்ணா, எனக்கு 1.6 வருது. ஆனா ஆப்ஷன்லயே 1.6 இல்ல. 1.7தான் கிட்டத்துல இருக்கு. அத டிக் பண்ணிட்டேன். தப்புன்னு போட்டிருக்கு. எங்க தப்பு பண்ணேன்?" என்றாள்.

அவள் எங்கேயும் தப்பு பண்ணவில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

கேள்வி 2018-ஆம் வருட நீட் தேர்வில் வந்தது. யங் இரட்டைப் பிளவுச் சோதனையில் பிளவுகளுக்கு இடையே உள்ள தூரம் 2 மி.மீ. ஒளியின் அலைநீளம் 5896 ஆங்ஸ்ட்ராம். திரை 100 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. பட்டைகளின் கோண அகலம் 0.20 டிகிரி என்று காணப்படுகிறது. அலைநீளத்தையும் திரையின் தூரத்தையும் மாற்றாமல் கோண அகலத்தை 0.21 டிகிரி ஆக்க வேண்டும் என்றால் பிளவுகளின் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்? இவ்வளவுதான் கேள்வி. விடை 1.9 மி.மீ. என்று எல்லாக் கோச்சிங் புத்தகத்திலும் இருக்கிறது.

2018 நீட் என்றாலே தமிழ்நாட்டில் வேறொரு ஞாபகமும் வரும். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு என்று வழக்கு நடந்ததும், கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலையில் தீர்ப்பு சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை போட்டு அந்த வருட முடிவிலேயே தீர்ப்பை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். நான் சொல்லப் போகும் குறை அந்த ரகம் இல்லை. இது ஆங்கிலக் கேள்வியிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பாவம், கொடுத்ததைத்தான் பெயர்த்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புத்தகம் எப்படிப் போடுகிறது? கோண அகலம் θ = λ/d. λ மாறவில்லை. அப்படியென்றால் θ-வும் d-யும் எதிர் விகிதம். 2 × 0.20 / 0.21 = 1.905. விடை 1.9. இருபது விநாடியில் முடிந்தது.

அந்தப் பெண் எப்படிப் போட்டாள்? அவளும் அதே சூத்திரத்தைத்தான் எடுத்தாள். ஆனால் அலைநீளம் கொடுத்திருக்கிறார்களே என்று அதைப் பயன்படுத்தினாள். 0.21 டிகிரியை ரேடியனுக்கு மாற்றினால் 0.003665. d = λ/θ. 5896 ஆங்ஸ்ட்ராம் என்றால் 5.896 × 10⁻⁷ மீட்டர். வகுத்தால் 1.609 × 10⁻⁴ மீட்டர், அதாவது 0.16 மி.மீ. ஆப்ஷன்களைப் பார்த்தாள். 1.7, 1.8, 1.9, 2.1. எல்லாமே ஒன்று, இரண்டு என்று இருக்கிறது. சரி, நாம்தான் எங்கேயோ பத்தின் அடுக்கில் ஒரு புள்ளியைத் தள்ளிவிட்டோம் போல, 1.6-ஆக இருக்கும் என்று நினைத்து பக்கத்தில் இருந்த 1.7-ஐக் குறித்துவிட்டாள். எனக்கு இதில் வேடிக்கையாகத் தோன்றியது என்னவென்றால், அவள் தன் கணக்கைச் சந்தேகப்பட்டாளே தவிர கேள்வியைச் சந்தேகப்படவே இல்லை.

இப்போது கேள்வியைச் சந்தேகப்படுவோம். d = 2 மி.மீ., λ = 5896 ஆங்ஸ்ட்ராம். கோண அகலம் எவ்வளவு வர வேண்டும்? 5.896 × 10⁻⁷ / 2 × 10⁻³ = 2.948 × 10⁻⁴ ரேடியன். டிகிரியில் 0.0169. கேள்வி 0.20 என்கிறது. கிட்டத்தட்ட 12 மடங்கு அதிகம். இது தோராயப் பிழை கிடையாது. கொடுத்த மூன்று எண்களும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வாழவே முடியாதவை.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள், இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும். d உண்மையிலேயே 2 மி.மீ., கோண அகலம் உண்மையிலேயே 0.20 டிகிரி என்றால் அலைநீளம் என்ன? 2 × 10⁻³ × 0.00349 = 6.98 × 10⁻⁶ மீட்டர். சுமார் 69,800 ஆங்ஸ்ட்ராம். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 4000-இல் இருந்து 7000 ஆங்ஸ்ட்ராம் வரைதான். இது அகச்சிவப்பு. அந்தச் சோதனையைச் செய்தவர் திரையில் பட்டைகளைக் "கண்டார்" என்று கேள்வி சொல்கிறது. எந்தக் கண்ணால் என்று தெரியவில்லை :-)

இதற்குப் பதிலாக ஒரு வாதம் உண்டு. கோச்சிங் போன என் நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது அவன் சொன்னது இது: "λ, D எல்லாம் சும்மா குழப்பறதுக்குக் குடுக்கறதுடா. எது தேவை, எது தேவையில்லன்னு பிரிக்கத் தெரியுதான்னு பாக்கறாங்க. விகிதம் போட்டவன் ஜெயிச்சான். அவ்ளோதான்."

இந்த வாதத்தில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். தேவையில்லாத தகவல் கொடுப்பது நல்ல பழக்கம்தான். இந்தக் கேள்வியில் D அப்படிப்பட்டது. கோண அகலத்துக்குத் திரை எங்கே இருந்தால் என்ன? அதை மாணவன் ஒதுக்கத் தெரிந்திருக்க வேண்டும், நியாயம். ஆனால் தேவையில்லாத தகவல் வேறு, பொய்த் தகவல் வேறு. ஒரு கணக்கை இரண்டு வழியில் போட முடிகிறது என்றால் இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் வர வேண்டும். இங்கே ஒரு வழி 1.9-க்குப் போகிறது, இன்னொரு வழி 0.16-க்குப் போகிறது. இரண்டுமே இயற்பியல்படி சரியான வழி. அதில் ஒன்றைப் போட்டவனுக்கு 4 மதிப்பெண். மற்றதைப் போட்டவனுக்கு மைனஸ் 1. அதிலும் மோசம், இரண்டையும் போட்டுச் சரிபார்க்கிற பிள்ளைக்குத்தான் அதிக நஷ்டம். 180 கேள்விக்கு 180 நிமிடம் கொடுத்த தேர்வில் அவன் இந்த ஒரு கேள்வியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிடுவான்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்றால், அதற்கு எங்கள் ஊர்தான் காரணம்.

என் பெரியப்பா மகன் ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அளவு சரிபார்க்கும் அறையில் வேலை பார்க்கிறான். ஏசி அறை. 20 டிகிரியில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அளவுகோல்களின் அளவெல்லாம் அந்த வெப்பநிலைக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். அங்கே மைக்ரோமீட்டரின் முகம் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க ஆப்டிக்கல் ஃப்ளாட் என்று ஒரு கண்ணாடி வில்லை வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒன்றுமில்லாத வட்டக் கண்ணாடி. அதை மைக்ரோமீட்டர் முகத்தின் மேல் வைத்து ஒற்றை நிற விளக்கில் பார்த்தால் கறுப்பும் வெளிச்சமுமாகப் பட்டைகள் தெரியும். பட்டைகள் நேராக, சம இடைவெளியில் ஓடினால் முகம் தட்டை. ஒரு பட்டை அதன் பக்கத்துப் பட்டை இருக்கும் இடம் வரை வளைந்து போயிருந்தால் அங்கே அரை அலைநீளம் அளவுக்கு மேடோ பள்ளமோ இருக்கிறது. சோடியம் விளக்கு என்றால் 0.295 மைக்ரான். எது மேடு, எது பள்ளம் என்று தெரிய கண்ணாடியை லேசாக அழுத்தி, பட்டை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார்களாம்.

ஏன் அரை அலைநீளம், யங் சோதனையில் முழு அலைநீளம்தானே என்று கேட்பீர்கள். காற்று இடைவெளிக்குள் ஒளி கீழே போய்த் திரும்பி வருகிறது. இடைவெளி அரை அலைநீளம் கூடினால் போக அரை, வர அரை, பாதை வேறுபாடு ஒரு முழு அலைநீளம் கூடிவிடும். அடுத்த பட்டை வந்துவிடும். பாதை வேறுபாடு என்ற ஒரே விஷயம்தான் இரண்டு இடத்திலும். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் காற்று ஆப்புச் சோதனையில் தலைமுடியின் தடிமனைக் கண்டுபிடிப்பதும் இதே வகைதான்.

நான் அண்ணனிடம் இந்த நீட் கணக்கைக் காட்டினேன். அவன் டிப்ளமோ படித்தவன், யங் சோதனையெல்லாம் மறந்துவிட்டான். ஆனால் 0.20-க்கும் 0.017-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னதும் அவன் கேட்டது ஒன்றுதான். "இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதி நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? விகிதம் சரியா இருக்கு சார்னு சொன்னா விடுவாங்களா?"

அவன் அறையில் ஒரு எண் மற்ற எண்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேலை அங்கேயே நிற்கும். விளக்கு மாறிவிட்டதா, கண்ணாடிக்கு அடியில் தூசி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தூசிதான் பெரும்பாலும். ஒரு துகள் அடியில் போனால் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், பட்டைகள் நெருக்கி நெருக்கி விழும், எண்ண முடியாது. துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் தேர்வறையில் சொல்லிக்கொடுப்பது நேர் எதிர். ஒத்துப்போகாத எண்ணைப் பார்க்காதே, விகிதத்தைப் போட்டுவிட்டு ஓடு. நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதே ஒரகடத்தில் இதே மாதிரி அறைகளில்தான் வேலை பார்க்கப் போகிறார்கள்.

எண் சரியா என்று பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். β = λD/d என்ற சூத்திரத்தை β/λ = D/d என்று எழுதிப் பார். இடது பக்கம், பட்டை அகலம் அலைநீளத்தைப் போல எத்தனை மடங்கு. வலது பக்கம், திரையின் தூரம் பிளவு இடைவெளியைப் போல எத்தனை மடங்கு. இரண்டும் சமம். அதாவது இரட்டைப் பிளவு என்பது ஒரு பெருக்கிக் காட்டும் கருவி. கண்ணால் பார்க்கவே முடியாத அரை மைக்ரான் அலையை அது D/d மடங்கு பெரிதாக்கித் திரையில் வரைந்து காட்டுகிறது. இந்தக் கேள்வியில் D = 1000 மி.மீ., d = 2 மி.மீ. பெருக்கம் 500. 0.59 மைக்ரானை 500-ஆல் பெருக்கினால் 0.295 மி.மீ. இதுதான் பட்டை அகலம். அச்சடித்த கோடுகளைவிட நெருக்கமாக இருக்கும். வெறும் கண்ணால் சிரமம், லென்ஸ் வைத்துத்தான் எண்ண முடியும். ஆனால் 0.20 டிகிரி என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் 3.5 மி.மீ. வரும். அறையின் மூலையில் நின்றே பார்க்கலாம். 2 மி.மீ. பிளவை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பட்டை எப்படி வரும் என்று அங்கேயே மனசுக்குள் மணி அடிக்க வேண்டும்.

இன்னும் சுருக்கமாகச் சொன்னால், திரை ஒரு மீட்டரில் இருந்தால், பிளவு இடைவெளியையும் பட்டை அகலத்தையும் மி.மீ.-இல் எடுத்துப் பெருக்கினால் மைக்ரான் கணக்கில் அலைநீளம் கிடைத்துவிடும். 0.4-க்கும் 0.7-க்கும் நடுவில் இருந்தால் கணக்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பற்றியது. இந்தக் கேள்வியில் 2 × 3.5 = 7. முடிந்தது கதை.

எல்லாக் கேள்வியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருடம், 2019 நீட்டில், கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று வந்தது. 400 நானோமீட்டர் ஒளி, திரை 1 மீட்டர், கோண அகலம் 0.2 டிகிரி. மொத்த அமைப்பையும் நீரில் மூழ்கடித்தால் என்ன ஆகும்? நீருக்கு ஒளிவிலகல் எண் 4/3, அலைநீளம் முக்கால் பங்காகும், விடை 0.15 டிகிரி. இங்கே பிளவு இடைவெளியைச் சொல்லவில்லை. நாமே கண்டுபிடித்தால் 0.115 மி.மீ. வருகிறது, நடக்கக்கூடிய அளவுதான். ("முதல் சிறுமத்தின் கோண அகலம்" என்று எழுதியது கொஞ்சம் குழப்பம். சிறுமம் இருக்கும் கோணமா, பட்டையின் அகலமா என்று தெளிவில்லை. ஆனால் எதுவானாலும் விகிதம் அதேதான், பிழைத்துப் போகட்டும்.) 2020-இல் இன்னும் சுத்தம். மூலங்களின் இடைவெளி பாதியானால், திரையின் தூரம் இரட்டிப்பானால் பட்டை அகலம் என்ன? நாலு மடங்கு. எண்ணே கொடுக்கவில்லை, அதனால் பொய்யும் இல்லை. விகிதம்தான் சோதிக்க வேண்டும் என்றால் இப்படிக் கேட்டுவிட்டுப் போகலாமே. சோடியத்தின் 5896 ஆங்ஸ்ட்ராம் என்று நான்கு இலக்கம் வரை நுணுக்கமாக அலைநீளம் கொடுத்துவிட்டு, கோணத்தில் 12 மடங்கு தப்புவிடுவது என்ன நியாயம்?

அடுத்து பாதை வேறுபாட்டுக் கணக்குகள். இதில் எண் தப்பாக இருக்காது, வேறு ஒரு சங்கடம் இருக்கிறது.

எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் வரும் மெல்லிய தகட்டுக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பிளவின் முன்னால் அபிரகத் தகடு ஒன்றை வைக்கிறார்கள். ஒளிவிலகல் எண் 1.58. மையப் பொலிவுப் பட்டை, முன்பு ஏழாவது பொலிவுப் பட்டை இருந்த இடத்துக்கு நகர்கிறது. தகட்டின் தடிமன் என்ன? நம் 5896 ஆங்ஸ்ட்ராம் ஒளியையே வைத்துக்கொள்வோம்.

பிள்ளைகள் இதில் விழும் இடம் ஒன்றுதான். தகட்டுக்குள் ஒளியியல் பாதை μt என்று படித்திருப்பார்கள், அதை அப்படியே 7λ-வுக்குச் சமன் செய்துவிடுவார்கள். அப்படிப் போட்டால் 2.6 மைக்ரான் வரும். தப்பு. தகட்டை வைக்கும் முன் அந்த இடம் காலியாக இல்லை, அங்கே t தடிமனுக்குக் காற்று இருந்தது. தகடு வந்ததும் காற்று போய்விட்டது. அதனால் கூடிய பாதை μt கழித்தல் t, அதாவது (μ−1)t. 0.58 × t = 7 × 0.5896 மைக்ரான். t = 7.1 மைக்ரான்.

பட்டைகள் எந்தப் பக்கம் நகரும் என்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தகடு வைத்த பிளவின் ஒளி தாமதமாகிறது. இரண்டும் சமமாக வந்து சேரும் இடம்தான் மையப் பட்டை. தாமதமான ஒளிக்கு வெளியே குறைந்த தூரம் கொடுத்தால்தான் சமமாகும். எனவே மையம் தகடு இருக்கும் பக்கமே நகரும்.

இதுவரை சரி. இப்போது சங்கடம். ஏழாவது இடத்துக்குப் போனது என்று யார் பார்த்தார்கள்?

சோடியம் விளக்கில் மையப் பட்டையும் ஒன்றாவது பட்டையும் ஏழாவது பட்டையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மஞ்சள், கறுப்பு, மஞ்சள், கறுப்பு. எந்தப் பட்டைக்கும் நெற்றியில் எண் எழுதியிருக்காது. தகட்டை எடுத்துச் சட்டென்று வைத்தால் ஏழு பட்டை நகர்ந்ததும் எட்டு பட்டை நகர்ந்ததும் நகராமலே இருந்ததும் திரையில் ஒரே காட்சிதான். துல்லியமாக ஏழு என்பதால் பழைய பட்டைகளின் மேலேயே புதிய பட்டைகள் உட்கார்ந்துவிடும். பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்! கணக்கு சொல்கிற சோதனையை அந்த விளக்கை வைத்துச் செய்யவே முடியாது.

அப்போது எப்படித்தான் செய்வது? வெள்ளை ஒளியில். வெள்ளை ஒளியில் ஒவ்வொரு நிறத்துக்கும் பட்டை அகலம் வேறு, அதனால் சில பட்டைகளுக்கு அப்புறம் எல்லாம் கலந்து மங்கிவிடும். ஆனால் பாதை வேறுபாடு பூஜ்யமான இடத்தில் எல்லா நிறத்துக்கும் பொலிவு, அதனால் அந்த ஒரு பட்டை மட்டும் வெள்ளையாகத் தனித்துத் தெரியும். அதன் இடத்தைக் கண்ணருகு லென்ஸின் குறுக்குக் கம்பியில் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தகட்டை வைக்க வேண்டும். வெள்ளைப் பட்டை எங்கே போயிற்று என்று தேடிப் பிடித்து மறுபடி குறிக்க வேண்டும். அது நகர்ந்த தூரத்தை, சோடியம் விளக்கில் அளந்த பட்டை அகலத்தால் வகுக்க வேண்டும். d = 2 மி.மீ., D = 1 மீட்டர் அமைப்பில் 2.06 மி.மீ. நகர்ந்திருந்தால், 0.295-ஆல் வகுக்க, ஏழு. இப்போதுதான் ஏழு என்ற எண்ணுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. (அபிரகம் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் விலக்குவதில்லை, அதனால் வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் லேசாக நிறம் ஏறும். 7 மைக்ரான் தகட்டுக்கு அது பெரிய தொந்தரவு இல்லை. தடிமனான கண்ணாடி என்றால் சிக்கல்.)

அண்ணனின் ஆப்டிக்கல் ஃப்ளாட்டிலும் இதே குறை உண்டு. பட்டைகளை எண்ணினால் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மொத்த உயரம் தெரியாது. அதற்கு வேறு அளவு கட்டைகளோடு ஒப்பிட வேண்டும். "பட்டை வித்தியாசத்தைத்தான் சொல்லும், மொத்தத்தைச் சொல்லாது" என்று அவன் சர்வசாதாரணமாகச் சொன்னான். நாலு வருடம் அந்த அறையில் நின்றவனுக்கு இது தெரிகிறது. நூறு தகட்டுக் கணக்கு போட்ட எனக்கு அவன் சொன்ன பிறகுதான் உறைத்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

யங் இந்த வேலையை 1801-இல் தொடங்கி 1803-இல் சொன்னபோது அவருக்குச் சோடியம் விளக்கு கிடையாது, சூரிய ஒளிதான். சன்னல் கதவில் ஒரு ஊசித்துளை, உள்ளே வரும் ஒளிக்கற்றையின் நடுவில் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள ஒரு அட்டைத் துண்டு. நம் அளவில் 0.85 மி.மீ. ஒரு பக்கத்தை மறைத்தால் பட்டைகள் மறைகின்றன என்று காட்டினார். மையத்தில் எப்போதும் வெள்ளை என்பதையும் பார்த்திருந்தார். நம் பாடப்புத்தகங்களில் வரும் இரட்டைத் துளைப் படம் 1807-இல் அச்சான அவருடைய சொற்பொழிவுகளில் இருக்கிறது. அவருடைய எண்கள் எல்லாம் அளந்த எண்கள், அதனால்தான் அவற்றை வைத்து அலைநீளம் கண்டுபிடிக்க முடிந்தது.

நான் வினாத்தாள் எழுதுகிற இடத்தில் இல்லை, இருக்கவும் போவதில்லை. ஆனாலும் அந்த 2018 கேள்வியை எப்படித் திருத்தலாம் என்று அன்று மாடியில் உட்கார்ந்து பிள்ளைகளோடு முயன்று பார்த்தோம். ரொம்பச் சுலபமாக இருந்தது. பிளவு இடைவெளி 2 மி.மீ., அலைநீளம் 5896 ஆங்ஸ்ட்ராம், திரை 100 செ.மீ., பட்டை அகலம் 0.295 மி.மீ. இதை 0.310 மி.மீ. ஆக்க வேண்டும். பிளவு இடைவெளி என்ன? விகிதத்தில் போட்டால் 2 × 0.295 / 0.310 = 1.90. λD/β என்று நேராகப் போட்டாலும் 1.90. அதே நான்கு ஆப்ஷன், அதே விடை. இரண்டு எண்ணை மாற்றினால் போதும்.

அதற்குப் பிறகு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கேள்வித்தாள் போடும்போது விடையை எழுதிய பிறகு பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும்: பட்டை அகலம் எத்தனை மி.மீ., வெறும் கண்ணால் தெரியுமா, ஒளி எந்த நிறம். முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இரண்டாவது வாரம் ஒரு பையன் ஒரு கோச்சிங் புத்தகத்தில் இருந்து ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் வரும் பட்டை அகலம் அறையைவிடப் பெரியதாக இருந்தது. பத்தின் அடுக்கில் அச்சுப்பிழை. அவனுக்கு ஒரே சந்தோஷம். அந்த 1.6 பெண் மட்டும், "அண்ணா, பரீட்சையில இப்படிக் கேள்வியே தப்பா வந்தா நான் எத டிக் பண்றது?" என்று கேட்டாள்.

விகிதத்தில் வருவதை டிக் பண்ணு என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? சொல்லிவிட்டேனே தவிர, அன்று இரவு அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை தூக்கம் வரவில்லை.